‘எழுதினான்’: த் ஏன் விடை ஆகாது?
(போட்டித் தேர்வுத் தமிழ், தொடர்)

மேலூரிலிருந்து மாதிரித் தேர்வு எழுத வந்த மாணவிக்கு, அவளுடைய விடைத்தாளோடு சேர்த்துக் கொடுத்த குறிப்பு இது. குரூப் 4 தமிழ்ப் பகுதியின் 100 வினாக்களில் இந்த வகை வினாவை எதிர்பார்க்கலாம் என்பதால் இந்த வாரம் அப்படியே தருகிறேன்.

தாயி, ‘எழுதினான்’ என்பதன் காலம் காட்டும் இடைநிலை எது என்று கேட்டிருந்தோம். த், இன், ன், ஆன் என்ற நான்கில் நீ த் என்று குறித்திருக்கிறாய். உன்னைப் போலவே பலரும் அதைத்தான் குறித்தார்கள். இறந்தகால இடைநிலைகள் த், ட், ற், இன் என்று நீ சரியாகவே படித்திருக்கிறாய். சொல்லைப் பார்த்ததும் பட்டியலின் முதல் எழுத்து கண்ணில் பட்டதால், அங்கேயே நின்றுவிட்டாய்.

இனி அந்தச் சொல்லை மூன்று காலத்திலும் சொல்லிப் பார். எழுதினான், எழுதுகிறான், எழுதுவான். த் மூன்றிலும் இருக்கிறது. இறந்தகாலம் காட்டும் எழுத்தாக இருந்தால், நாளைக்கு எழுதப்போகிறவனிடம் அதற்கு என்ன வேலை? அது ‘எழுது’ என்ற பகுதிக்குச் சொந்தமான எழுத்து. ‘செய்தான்’ அப்படியில்லை. செய்கிறான், செய்வான் என்று மாற்றினால் த் போய்விடுகிறது. ஆகவே அங்கே த் இடைநிலைதான்.

எழுது + இன் + ஆன் என்று பிரி. ‘து’வில் உள்ள உகரம் கெட்டு, மிஞ்சிய த் மீது ‘இன்’னின் இகரம் ஏறித் ‘தி’ ஆகிறது. பகுதியின் கடைசி எழுத்தும் இடைநிலையின் முதல் எழுத்தும் ஒரே உயிர்மெய்க்குள் அடங்கிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். போதாததற்கு, நாம் பேசும்போது ‘எழுதுனான்’ என்கிறோம். இகரம் காதிலேயே விழுவதில்லை. ‘தேடினான்’ என்பதில் ட், ‘கூறினான்’ என்பதில் ற் என்று குறிப்பவர்களுக்கும் இதே கதைதான். வினா எடுப்பவர்களுக்கு இவை வசதியான சொற்கள்!

இந்தச் சோதனை கொஞ்சம் திணறும் இடம் ஒன்று உண்டு. ‘விட்டான்’ என்பதை எடுத்துக்கொள். விடுகிறான், விடுவான் என்பவற்றில் ஒரு ட். விட்டான் என்பதில் இரண்டு. கூடுதலாக வந்த ட் இடைநிலைதானே என்று தோன்றும். ஆனால் நன்னூல் வழிப்படி அங்கே தனி இடைநிலையே இல்லை. விடு, பெறு, புகு போலத் தனிக்குறிலுக்குப் பின் டு, று, கு வந்து முடியும் சில பகுதிகள், தம் ஒற்றை இரட்டித்துக்கொண்டே இறந்தகாலம் காட்டும். ‘புக்கான்’ என்பதைப் பார்த்தால் தெளிவாகும்; க் எந்த இறந்தகால இடைநிலையிலும் கிடையாது. ‘தேடு’ நெடிலில் தொடங்குவதால் இரட்டிக்காமல் ‘இன்’ ஏற்கிறது.

‘உறங்கிய’ என்று கேட்டால் ‘இன்’ முழுதாகக் கண்ணில் படாது. உறங்கு + இ(ன்) + ய் + அ. ன் புணர்ந்து கெட்டது. இகரம் மட்டும் நிற்கிறது. விடை ‘இன்’தான்.