பத்தியில் இருந்த மதிப்பெண் கட்டத்துக்குள் வரும்போது

அமெரிக்காவின் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனத்தில் பால் டீடரிச்சும் அவருடைய இரண்டு சகாக்களும் ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 1961-ல் வெளியிட்டார்கள். கல்லூரி முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். ஆசிரியர்கள், பத்திரிகையாசிரியர்கள், வழக்கறிஞர்கள், வணிக நிர்வாகிகள் என்று பல துறைக்காரர்கள் அதில் இருந்தார்கள். எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. தரத்துக்கு ஏற்ப ஒன்பது அடுக்காகப் பிரித்தால் போதும். 101 கட்டுரைகள் ஒன்பது அடுக்கிலும் இடம்பிடித்தன. அதாவது ஒருவருக்கு முதல் தரமாகத் தெரிந்த கட்டுரையே இன்னொருவருக்குக் கடைசித் தரமாகத் தெரிந்திருக்கிறது.

ஏன் இப்படி என்று அவர்கள் தாள்களின் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகளைப் புரட்டினார்கள். ஒரு கூட்டம் கருத்தையே பார்த்தது. இன்னொன்றுக்கு எழுத்துப்பிழையும் இலக்கணமும்தான் கண்ணில் பட்டன. கட்டுரையின் அமைப்பு, சொல்தேர்வு, எழுதுபவரின் தனித்தன்மை ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கூட்டங்கள் இருந்தன. ரூப்ரிக் என்று ஆசிரியர்கள் சொல்லும் மதிப்பீட்டு அட்டவணையின் இடது ஓரத்தில் இன்று மேலிருந்து கீழாக எழுதப்படும் அளவைகள், பெரும்பாலும் இந்த ஐந்தின் உறவுக்காரர்கள்தான்.

ஆனால் பல பள்ளிகளில் மதிப்பீட்டுக் குறிப்பு இன்னும் ஒரே பத்தியாகத்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஊர் ஏரியைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுத வேண்டும், 20 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரின் குறிப்பு இப்படி இருக்கிறது: “நல்ல அறிக்கையில் நேரில் பார்த்த தகவல்கள் இடம், தேதியோடு இருக்கும். தகவல்களிலிருந்து விளக்கம் பிறக்கும். அமைப்பு ஒழுங்காகவும் நடை தெளிவாகவும் இருக்கும். எழுத்துப்பிழை குறைவாக இருக்கும். பார்த்ததைப் பட்டியல் போட்டுவிட்டு விளக்கம் தராத அறிக்கைக்குப் பாதிக்கு மேல் கிடையாது.”

இதைக் கட்டமாக்க இரண்டு நிறப் பேனா போதும். எதை மதிப்பிடுகிறோம் என்று சொல்லும் சொற்களை ஒரு நிறத்தில் அடிக்கோடிட வேண்டும்: தகவல், விளக்கம், அமைப்பு, நடை, எழுத்துப்பிழை. இவை வரிசைகள். எவ்வளவு நன்றாக என்று சொல்லும் பகுதிகளை மற்ற நிறத்தில்: இடம் தேதியோடு, ஒழுங்காக, தெளிவாக, குறைவாக. இவை கட்டங்களுக்குள் போகும். மேலே இடமிருந்து வலமாகத் தரநிலைகள். நான்கு நிலை வைப்பது வசதி. மூன்றோ ஐந்தோ வைத்தால் முடிவெடுக்கத் தயங்குகிறவர் நடுக்கட்டத்தில் உட்கார்ந்துவிடுவார். நான்கில் நடு என்று ஒன்று இல்லை.

இப்போது நிரப்பத் தொடங்கினால் முதல் சங்கடம் தெரியும். ஐந்து வரிசை, நான்கு நிலை, மொத்தம் இருபது கட்டங்கள். பத்தியில் இருப்பதோ ஒவ்வொரு வரிசைக்கும் மேல்மட்டக் கட்டம் மட்டும். விளக்கத்துக்கு மட்டும் கீழ்மட்டமும் உண்டு. மீதிக் கட்டங்கள் ஆசிரியரின் மனதில் இருந்தன, அல்லது எங்குமே இல்லை. இந்த வேலையின் பாதிப் பயன் அந்த வெற்றுக் கட்டங்களில்தான் கிடைக்கிறது. அவற்றை ‘மிக நன்று, நன்று, சுமார், மோசம்’ என்று நிரப்புவது சுலபம். ஆனால் அதில் ஒரு தகவலும் இல்லை. ‘ஐந்து தகவல், மூன்று தகவல்’ என்று எண்ணிக்கை வைப்பதும் அப்படித்தான். ஏரிக்கரையில் பனைமரம் இருந்தது, ஆடு மேய்ந்தது, வெயில் அடித்தது என்று எழுதியே ஒரு மாணவன் ஐந்தைத் தொட்டுவிடுவான். தாளில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டை எழுதினால்தான் கட்டம் வேலை செய்யும்.

| | 4 | 3 | 2 | 1 |
|---|---|---|---|---|
| தகவல் | ஒவ்வொரு தகவலுக்கும் இடமும் தேதியும் உண்டு. அளக்கக்கூடியதை அளந்திருக்கிறார் | பெரும்பாலானவற்றுக்கு இடம், தேதி உண்டு. அளவு இல்லை | நேரில் பார்த்தது தெரிகிறது. எங்கே, எப்போது என்பது இல்லை | பாடநூலிலேயே கிடைக்கும் தகவல்கள் |
| விளக்கம் | காரணம் சொல்லி, தான் பார்த்த தகவலையே சான்றாகக் காட்டுகிறார் | காரணம் சொல்கிறார். சான்று ஓரிரு இடத்தில்தான் | காரணம் பொதுவானது. எந்த ஏரிக்கும் பொருந்தும் | காரணமே இல்லை, பட்டியல் மட்டும் |

முதலில் இரண்டு ஓரங்களையும் எழுதிவிட்டுப் பிறகு நடுக்கட்டங்களுக்கு வருவது நல்லது. 3-க்கும் 2-க்கும் இடையிலான கோடுதான் கடினமானது. பழைய தாள்கள் இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அந்த வாக்கியம் தானாக வரும்.

அடுத்த சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஐந்து வரிசை, ஒவ்வொன்றுக்கும் 4, மொத்தம் 20 என்று சரியாக வருவதால் பலர் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு மாணவி ஏரியை நுணுக்கமாகப் பார்த்து, அழகாக எழுதியிருக்கிறாள். ஆனால் வெறும் பட்டியல். தகவலுக்கு 4, விளக்கத்துக்கு 1, அமைப்புக்கு 4, நடைக்கு 3, பிழையின்மைக்கு 4. மொத்தம் 16. பத்தியின்படி அவளுக்கு 10-க்கு மேல் போகக்கூடாது! நடையும் எழுத்துப்பிழையும் பத்தியில் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருந்தவை. அவற்றை இரண்டு வரிசையாகப் பிரித்த உடனே மொழிக்கு மட்டும் 8 மதிப்பெண் போய்விட்டது. யாரும் அப்படி முடிவு செய்யவில்லை; பிரித்ததே முடிவு செய்துவிட்டது.

பிரித்தது தவறில்லை. பிழையில்லாமல் குழப்பமாக எழுதுகிறவர்களும் உண்டு, பிழையோடு தெளிவாக எழுதுகிறவர்களும் உண்டு. ஒரே கட்டத்தில் அவர்களை அடைக்க முடியாது. மாற்ற வேண்டியது எடையை. விளக்கத்துக்கு 8, தகவலுக்கும் அமைப்புக்கும் தலா 4, நடைக்கும் பிழைக்கும் தலா 2 என்று வைத்தால் அதே மாணவிக்கு 4, 2, 4, 1.5, 2 என்று கூடி 13.5 வருகிறது. இன்னும் 10-ஐத் தாண்டித்தான் நிற்கிறது. ‘பாதிக்கு மேல் கிடையாது’ என்பது எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காத விதி. அது மற்ற வரிசைகளின் கூட்டலையே தடுக்கிறது. அட்டவணைக்குக் கீழே தனி வரியாக, ‘விளக்கம் 1-ஆம் நிலையில் இருந்தால் மொத்தம் 10-க்கு மிகாது’ என்று எழுதுவதுதான் வழி. அல்லது அந்த விதியே வேண்டாம் என்று ஆசிரியர் முடிவு செய்யலாம். எழுதிப் பார்க்கும்போது சிலர் அப்படி மனம் மாறுவதும் உண்டு.

இன்னொரு சின்னக் கணக்கு. எல்லா வரிசையிலும் கடைசி நிலை வாங்கினாலும் 20-க்கு 5 வந்துவிடும், ஏனென்றால் மட்டம் 1-லிருந்து தொடங்குகிறது. ஒன்றுமே எழுதாத தாளுக்குப் பூஜ்யம் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அட்டவணை சரியா என்று பார்க்க, ஏற்கெனவே திருத்திய நான்கைந்து தாள்களை எடுத்து, பழைய மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகக் கட்டம் போட வேண்டும். மொத்தம் ஒத்துப்போகிறதா என்பதைவிட எந்த வரிசையில் பிரிகிறார்கள் என்பதே முக்கியம். ஒருவர் தகவலில் ஒன்று கூட்டி அமைப்பில் ஒன்று குறைத்திருந்தால் மொத்தம் ஒன்றாகவே இருக்கும், கோளாறு தெரியாது. ஒரே வரிசையில் திரும்பத் திரும்பப் பிரிந்தால் அந்தக் கட்டத்தின் வாசகம் இரண்டு பொருள் தருகிறது. இருவரும் ஒத்துப்போய், தாள்களின் வரிசை மட்டும் பழையதிலிருந்து தலைகீழாக மாறினால், பழைய பத்தியில் எழுதாமலேயே ஆசிரியர் எதையோ மதித்துவந்திருக்கிறார். பெரும்பாலும் அது டீடரிச்சின் ஐந்தாவது கூட்டம் தேடிய தனித்தன்மையாக இருக்கும். அதற்கு ஆறாவது வரிசை போட்டு நான்கு நிலையில் வர்ணிக்க முயன்றவர்கள் படும் பாடு தனி. கடைசி இரண்டு கட்டங்களில் எழுத ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் சில ஆசிரியர்கள் அந்த வரிசையை மதிப்பெண் இல்லாத ஒரு குறிப்புப் பெட்டியாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.