முன்பக்கம் பழம், பின்பக்கம் சர்க்கரை

குழந்தைக்கு ஆறு மாதம் நிறையப் போகிறது என்றால் வீட்டில் யோசனைகளுக்குப் பஞ்சமிருக்காது. பாட்டி கேழ்வரகுப் பால் காய்ச்சச் சொல்வார். எதிர்வீட்டு அக்கா நேந்திரங்காய்ப் பொடியைச் சிபாரிசு செய்வார். மெடிக்கல் ஷாப்பில் "ஆறு மாசக் குழந்தைக்கு" என்று சொன்னால் போதும், மறுகேள்வி இல்லாமல் ஒரு டப்பா மேஜைக்கு வந்துவிடும். எதை எடுப்பது, எதை விடுவது என்று குழம்பாமல் இருக்க ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் எது போதாமல் போகிறது?

முக்கியமாக இரண்டு. ஒன்று, சக்தி. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் தருவது போக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி வெளியிலிருந்து வேண்டும். இன்னொன்று, இரும்புச்சத்து. கருவில் இருக்கும்போது, அதிலும் கடைசி மாதங்களில், குழந்தை தன் உடம்பில் இரும்பைச் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு சுமார் ஆறு மாதம் வரும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதால் அதன் பிறகு உணவுதான் கொடுக்க வேண்டும். குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குச் சேமிப்பு இன்னும் சீக்கிரம் தீரும். அந்தக் குழந்தைகளுக்கு இரும்புச் சொட்டு மருந்தை எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கரண்டியில் நிற்கும் கஞ்சி

முதலில் சக்தி. ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குத் தாங்குவது சுமார் 200 மில்லிதான். அந்தச் சின்ன இடத்தைப் பருப்புத் தண்ணீராலும் வடிகஞ்சியாலும் நிரப்பினால் குழந்தைக்கு வயிறு நிறையும், எடை ஏறாது. வேகவைத்த பருப்பின் சத்து பெரும்பாலும் அடியில் தங்கிவிடுகிறது. மேலே தெளிந்து நிற்பதில் நிறமும் மணமும்தான் அதிகம்.

மூன்று பங்கு பச்சரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு. இரண்டையும் லேசாக வறுத்து, ரவைப் பதத்துக்கு உடைத்து வைத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 25 கிராம் எடுத்து, தண்ணீரில் குழைய வேகவைத்து ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் ஏறத்தாழ அரை கப் வரும். அதில் சுமார் 130 கலோரி இருக்கும். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்த நெய்யிலிருந்து வருவது. உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. முதல் நாட்களில் குழந்தை இரண்டு மூன்று தேக்கரண்டிதான் வாங்கும். மெல்ல மெல்லக் கூடி, நாளுக்கு இரண்டு வேளை இந்தக் கிண்ணத்தில் பெரும்பகுதியைச் சாப்பிட்டால் 200 கலோரிக் கணக்கு சரியாகிவிடும். பதம் சரிதானா என்று பார்க்கக் கரண்டியைச் சாய்த்தாலே போதும். கஞ்சி ஓடி வழியாமல் கரண்டியிலேயே நிற்க வேண்டும்.

கெட்டியாகக் கொடுத்தால் விழுங்கச் சிரமப்படுகிறதே என்பது பல தாய்மார்களின் கவலை. அதற்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு உதவும். தானியம் முளைக்கும்போது அதில் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. அது மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி சற்றே ஆறியதும், சூடு இருக்கும்போதே, இந்த மாவில் அரைத் தேக்கரண்டியைக் கலந்து பாருங்கள். சில நிமிடங்களில் கஞ்சி கண்ணெதிரே இளகும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்கிவிடலாம். தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்தால் ஒரு கரண்டியில் இருக்கும் சத்து குறைந்துபோகும். இந்த முறையில் சத்து குறையாமல் பதம் மட்டும் மாறுகிறது.

கேழ்வரகு தராத இரும்பு

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இரும்பு விஷயத்தில் அதை அவ்வளவாக நம்ப முடியாது. அதிலுள்ள ஃபைடேட், டானின் ஆகியவை இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இந்தத் தடையை ஓரளவு தளர்த்தும், முழுதாக நீக்காது. அசைவம் சாப்பிடும் வீடுகளில் வழி எளிது. நன்றாக வேகவைத்து மசித்த ஈரல், சுவரொட்டி, கோழி, முள் நீக்கிய மீன் ஆகியவற்றை ஆறு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரத்துக்கு ஒரு முறை, சிறிதளவு போதும். சைவ வீடுகளில் பருப்பும் கீரையும் கொடுக்கும்போது சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும்.

அரசின் 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த சிரப், வாரத்துக்கு இரண்டு முறை 1 மில்லி வீதம் கொடுக்கப்படுகிறது. தடுப்பூசிக்குப் போகும்போது சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டு வாங்கலாம்.

டப்பாவைத் திருப்புங்கள்

டப்பா உணவின் பலம் இந்த இரும்பில்தான் இருக்கிறது. பெரும்பாலான டப்பாக்களில் இரும்பும் வைட்டமின்களும் தனியே சேர்க்கப்பட்டிருக்கும். இறைச்சி சேராத வீட்டுக்கும், பயணத்துக்கும், வேலைக்குப் போகும் தாய்க்கும் இது உண்மையான உதவிதான். கூடவே சர்க்கரையும் வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

உதாரணத்துக்கு ஒரு டப்பா. முன்பக்கம் ஆப்பிளும் வாழைப்பழமும். பின்பக்கம், 100 கிராம் உணவில் மொத்த மாவுச்சத்து 68 கிராம், சேர்த்த சர்க்கரை 12 கிராம். ஒரு வேளைக்கு 25 கிராம் உணவு என்றால் 3 கிராம் சர்க்கரை. இரண்டு வேளைக்கு 6 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் மேல். இதைச் சட்டம் தடுக்காதா? குழந்தை உணவுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020ஆம் ஆண்டு விதிகள் சர்க்கரை சேர்க்கக் கூடாது என்றுதான் தொடங்குகின்றன. தேவைப்பட்டால் சேர்க்கலாம், மொத்த மாவுச்சத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிகின்றன. 68 கிராமில் 20 சதவீதம் 13.6 கிராம். ஆக, நம் உதாரண டப்பா சட்டப்படி சரியானதே. இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதோ வேறு கணக்கு.

2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு வெளியிட்ட அறிக்கை இந்த இடைவெளியைத்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் விற்கப்படும் செரிலாக் வகைகளில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததாகவும், ஐரோப்பாவில் அப்படிச் சேர்க்கப்படவில்லை என்றும் அது சொன்னது. இந்திய விதிகளைப் பின்பற்றுவதாகவும் சர்க்கரையைக் குறைத்து வருவதாகவும் நெஸ்லே விளக்கம் தந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. ஆகவே பெயரைப் பார்த்து ஒரு டப்பாவை ஒதுக்குவதும் சரியாகாது, வாங்குவதும் சரியாகாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு வகைகளிலேயே சர்க்கரை அளவு மாறலாம்.

பின்பக்கம் படிக்கும்போது மொத்தச் சர்க்கரையைக் கண்டு பயப்பட வேண்டாம். பால் பவுடரில் இயல்பாக உள்ள லாக்டோஸும் அந்தக் கணக்கில் வரும். நம் கண் போக வேண்டியது 'சேர்த்த சர்க்கரை' என்ற வரிக்கு. அது பூஜ்ஜியமாக இருந்தாலும் மூலப்பொருள் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும்படி அது எழுதப்பட்டிருக்கும். பேரீச்சைப் பொடி, வெல்லம், பழச்சாற்றுச் செறிவு, குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் இவற்றில் எதுவும் முதல் மூன்று நான்கு இடங்களில் இருந்தால் அந்த டப்பாவை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

இலவச சாம்பிள் கொடுத்தாலோ, தள்ளுபடி என்று ஆசை காட்டினாலோ ஒன்று தெரிந்திருக்கட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரமும் இலவசமும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடைசெய்தவை. டப்பாவில் குழந்தைப் படம் இல்லாததற்குக் காரணமும் அந்தச் சட்டம்தான்.

வாங்கவே வேண்டாதவை

முதலில் தேன். சேனை வைப்பதற்காக என்றாலும் ஒரு வயது வரை ஒரு துளியும் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, உறிஞ்சும் பலம் குறைந்து, அழுகுரல் மெலிந்து, தலை நிற்காமல் துவளும். கொதிக்கவைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை.

பிஸ்கட், ரஸ்க் இரண்டும் மைதாவும் சர்க்கரையும்தான். அவற்றைப் பசும்பாலில் ஊறவைத்துக் கொடுப்பது பலரின் பழக்கம். ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கியக் குடிபானமாக்கினால் இரும்புக் குறைவு இன்னும் மோசமாகும். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் ஏற்படும். மால்ட் பானங்களும் பாக்கெட் ஜூஸும் இந்த வயதுக்கானவையே அல்ல. ஆரோரூட், ஜவ்வரிசி, நேந்திரங்காய்ப் பொடி மூன்றும் தீங்கில்லை, ஆனால் பெரும்பாலும் வெறும் மாவுச்சத்து. தினசரி உணவாக அவை போதாது.

இருபது பொருள் கலந்த சத்துமாவை ஏழாம் மாதத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். உடம்பில் தடிப்பு வந்தால் கோதுமையா, வேர்க்கடலையா, முந்திரியா என்று கண்டுபிடிக்க முடியாது. புதிய பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பழக்கிய பிறகு சத்துமாவுக்கு வரலாம். அப்போதும் சிறிய பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். கொட்டைகளின் எண்ணெய் கெட்டிருந்தால் சிக்கு வாடை அடிக்கும்.

எத்தனை நாள் டப்பா?

வாங்கிய டப்பாவைப் பாலில் அல்லாமல், கொதித்து ஆறிய வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, கிண்ணத்திலிருந்து கரண்டியால் கொடுக்க வேண்டும். பால் பவுடர் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. காம்பின் துளையைப் பெரிதாக்கி, பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது தவறு. சாப்பிடக் கற்க வேண்டிய குழந்தை அப்போது உறிஞ்ச மட்டுமே கற்கும்.

பட்டுப்போல் மழுமழுவென்று கரைவது டப்பா உணவின் கடைசிக் குறை. எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தைக்கு மசியாத சிறு கட்டிகள் நாக்கில் பட வேண்டும். ஈறால் நசுக்கிப் பழக வேண்டும். பத்து மாதம் தாண்டியும் அந்தப் பழக்கம் வராத குழந்தைகளில் பலர், பிறகு சோற்றைக் கண்டாலே குமட்டித் துப்புகிறார்கள். ஆகவே டப்பா தீரும்போது அடுத்த ஸ்டேஜ் டப்பாவுக்கு அவசரப்பட வேண்டாம். குடும்பத்துக்கு வடித்த சோற்றில் ஒரு பிடி எடுத்து, உப்பும் காரமும் சேர்க்கும் முன் தனியே எடுத்துவைத்த பருப்போடு விரலால் அரைகுறையாக மசித்தால் அதுதான் குழந்தையின் அடுத்த ஸ்டேஜ்.