ஏழா, எட்டா? முள் மீட்டரைப் படிக்கும் விதம்

அமெரிக்காவில் பழைய வீடுகளின் வெளிச்சுவரில், கண்ணாடி மூடிக்குள் ஒரு வட்டமான மின்சார மீட்டர் இன்னமும் அங்கங்கே இருக்கிறது. நடுவே ஓர் அலுமினியத் தட்டு படுக்கைவாட்டில் மெதுவாகச் சுழலும். அதற்கு மேலே வரிசையாக ஐந்து குட்டி டயல்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எண்கள், ஒரே ஒரு முள். இடக்கோடி டயல் பத்தாயிரங்களைக் காட்டும். அடுத்தடுத்தவை ஆயிரம், நூறு, பத்து. வலக்கோடியில் ஒற்றை யூனிட். இதைப் படம் எடுத்து யாராவது அனுப்பி, "எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால், முதல் தடவை பார்ப்பவர் பெரும்பாலும் தவறாகத்தான் சொல்வார். ஒரு டயலில் எண்கள் கடிகாரத்தில் இருப்பதுபோல வலஞ்சுழியாகப் போகும். பக்கத்து டயலில் அதே எண்கள் இடஞ்சுழியாக, கண்ணாடியில் பார்த்ததுபோல எழுதப்பட்டிருக்கும். முட்களும் அப்படியே ஒன்று விட்டு ஒன்று எதிர்த்திசையில் சுற்றும்.

யாரோ விளையாட்டாகச் செய்த ஏற்பாடு அல்ல இது. ஒவ்வொரு முள்ளின் அச்சிலும் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது பக்கத்து அச்சில் உள்ள, பத்து மடங்கு பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தோடு நேராகக் கோத்துக்கொள்கிறது. சின்னது பத்துச் சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. ஆனால் பல்லோடு பல் கோத்த இரண்டு சக்கரங்கள் ஒரே திசையில் சுற்றவே முடியாது. ஒன்று வலப்பக்கம் திரும்பினால் மற்றது இடப்பக்கம்தான் திரும்பும். எல்லா முட்களும் ஒரே பக்கம் சுற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே இன்னொரு சக்கரத்தை நுழைக்க வேண்டும். ஐந்து டயலுக்கு நான்கு சக்கரங்கள் கூடுதல்.

நான்கு சக்கரம் என்ன பெரிய செலவா என்று தோன்றலாம். செலவைவிட உராய்வுதான் சிக்கல். அந்த நாட்டு வீட்டு மீட்டர்கள் பலவற்றின் தகட்டில் 7.2 என்று ஓர் எண் இருக்கும். தட்டு ஒரு சுற்று சுற்றினால் 7.2 வாட்-மணி மின்சாரம் போயிருக்கிறது என்று அதற்குப் பொருள். வீட்டில் 60 வாட் குண்டு பல்பு ஒன்று மட்டும் எரிந்தால் ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு சோம்பலாக நகரும் தட்டைத் தள்ளுகிற விசையும் அற்பமானது. அதன் தலையில் கூடுதல் சக்கரங்களின் பாரத்தை ஏற்றினால், குறைந்த சுமையில் மீட்டர் பின்தங்கிவிடும். அதற்குப் பதில் ஒன்று விட்டு ஒரு டயலில் எண்களைத் திருப்பி அச்சடித்துவிட்டால் சக்கரமும் மிச்சம், உராய்வும் மிச்சம். தொல்லை முழுக்கப் படிப்பவர் தலையில் விழுகிறது என்பது வேறு விஷயம்.

ஐந்து டயல் மீட்டரில் இடமிருந்து முதல், மூன்றாம், ஐந்தாம் முட்கள் வலஞ்சுழி. இரண்டும் நான்கும் இடஞ்சுழி. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எண்கள் எந்தப் பக்கம் ஏறுகின்றனவோ அந்தப் பக்கம்தான் முள் போகும். அந்த எண்களைப் படிக்காமல், கடிகாரம் பார்த்துப் பழகிய கண்ணை நம்புவதால்தான் பிழை வருகிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். முதல் டயலில் முள் 2-க்கும் 3-க்கும் இடையே, 3-க்குப் பக்கத்தில். இரண்டாவதில் சரியாக 8-ன் மேல். மூன்றாவதில் 9-ஐத் தாண்டி 0-வுக்குக் கொஞ்சம் முன்னால். நான்காவதில் 8-க்கும் 9-க்கும் பாதி வழியில். ஐந்தாவதில் 5-க்கும் 6-க்கும் இடையே.

முள் எந்த எண்ணைத் தொடுகிறது என்று மட்டும் பார்ப்பவர் 2, 8, 0, 8, 5 என்று எழுதுவார்: 28,085. சரியான ரீடிங் 27,985.

முள் இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால், கடந்து வந்த எண்ணை, அதாவது சிறிய எண்ணை எழுத வேண்டும் என்பது அடிப்படை விதி. 9-க்கும் 0-வுக்கும் நடுவே நின்றால் மட்டும் 9, ஏனென்றால் அங்கே 0 என்பது பத்து. இந்த விதிப்படி மூன்றாவது டயல் 9. முதல், நான்காம், ஐந்தாம் டயல்களில் குழப்பமே இல்லை. மிஞ்சுவது இரண்டாவது டயல். முள் எதற்கும் நடுவே இல்லை, 8-ன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 8-ஐத் தொட்டுவிட்டதா, தொடப் போகிறதா?

அதற்குப் பதில் அந்த டயலில் இல்லை, வலப்பக்கத்து டயலில் இருக்கிறது. கடிகாரத்தில் 7 மணி 59 நிமிடத்தில் சின்ன முள் 8-ல்தான் நிற்பதாகத் தெரியும். பெரிய முள்ளைப் பார்த்துத்தான் இன்னும் எட்டு ஆகவில்லை என்கிறோம். இங்கேயும் அதே கதை. நூறுகளைக் காட்டும் டயல் 0-வைத் தாண்டியிருந்தால்தான் ஆயிரத்தின் முள் 8-ஐ முழுதாக எட்டியிருக்கும். அது இன்னும் 9-ல் நிற்கிறது. ஆகவே ஆயிரம் 7-தான். அமெரிக்காவில் வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படிக்கச் சொல்வது இதனால்தான். சின்ன இலக்கத்தை முதலில் உறுதி செய்துகொண்டால் பெரிய இலக்கம் தானே தெளியும்.

பிரிட்டனில் இதே வகை மீட்டருக்கு இடமிருந்து வலமாகப் படிக்கும் வழக்கம் உண்டு. அங்கே முள் நேராக ஓர் எண்ணின் மேல் நின்றால், அந்த எண்ணை எழுதி அடியில் கோடு போடுவார்கள். கோடு போட்ட எண்ணுக்கு அடுத்தாற்போல் 9 வந்தால், கோடு போட்டதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். நம் படத்தில் 8-க்குக் கீழே கோடு, அடுத்தது 9. எனவே 8 போய் 7 ஆகிறது. இரண்டு வழியும் ஒரே விடையில்தான் போய் முடிகின்றன. (அந்த நாட்டு மீட்டரில் சிவப்பு நிறத்தில் ஒரு கடைசி டயல் இருக்கும். அது யூனிட்டின் பத்தில் ஒரு பங்கு, கணக்கில் சேராது.)

28,085 என்ற தவறான விடையின் விஷமத்தையும் பார்க்க வேண்டும். போன மாத ரீடிங் 27,110 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான கணக்கில் இந்த மாதம் 875 யூனிட். அமெரிக்க வீடு ஒன்று சராசரியாக மாதத்துக்கு 900 யூனிட் அளவுக்கு எரிக்கிறது என்பதால் இது இயல்பான எண். ஆயிரத்தின் முள்ளை மட்டும் தவறாகப் படித்திருந்தால் 28,985 ஆகி, பில் 1,875 யூனிட்டுக்கு எகிறியிருக்கும், யாரானாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் ஆயிரத்தில் ஒன்று கூடி, நூறில் 9 என்பது 0 ஆனதால், இரண்டு பிழைகளும் சேர்ந்து வெறும் 100 யூனிட் அதிகமாகத்தான் காட்டுகின்றன. 975 யூனிட் என்றால் "இந்த மாதம் ஏசி கொஞ்சம் அதிகம் போல" என்று கட்டிவிட்டுப் போய்விடுவோம்.

தொகையைப் பார்த்துப் பிடிக்க முடியாத இந்தப் பிழையை முட்களைப் பார்த்துப் பிடித்துவிடலாம். நான்காவது டயல் 8-ஐத் தாண்டிப் பாதி வந்திருக்கிறது, அதாவது நூறில் 85 பங்கு ஓடிவிட்டது. அப்படியானால் நூறுகளின் முள் ஏதோ ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குள்ள தூரத்தில் 85 சதவீதத்தைக் கடந்திருக்க வேண்டும். நூறின் இலக்கம் உண்மையிலேயே 0 என்றால் முள் 1-ஐ நெருங்கியிருக்கும். அது 0-வின் அருகில் நிற்பதால் 9-லிருந்து வந்துகொண்டிருக்கிறது என்பது உறுதி. ஒவ்வொரு முள்ளும் தன் இலக்கத்தைச் சொல்வதோடு, வலப்பக்கத்துக்காரர் எங்கே இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறது.

நேரில் பார்ப்பதைவிடப் படத்தில் படிப்பதற்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். முள் டயலை ஒட்டிப் பதிந்திருப்பதில்லை. சற்றே மேலே நிற்கிறது. இரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்பதாகவும், படம் எடுத்தவர் இடப்பக்கமாக 20 டிகிரி சாய்ந்து நின்று எடுத்ததாகவும் வைத்துக்கொண்டால், முள்ளின் நுனி உண்மையான இடத்திலிருந்து ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளித் தெரியும். முள் ஆறு மில்லிமீட்டர் நீளம் என்றால் இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரமே நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடுகிறது. டயலின் உச்சியில் நிற்கும் நம் நூறுகளின் முள், 0-வுக்குச் சற்று முன்னால் இருந்தது, சற்றுத் தாண்டிவிட்டதுபோலவே படத்தில் தெரியும். அப்போது கண் சொல்வதை விட்டுவிட்டுப் பத்துகளின் டயலைக் கேட்க வேண்டும். அது 8-க்கு மேல் நிற்கும்வரை நூறு இன்னும் மாறவில்லை.

இப்படிப்பட்ட படம் வந்தால், மீட்டரின் உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோய் நேர் எதிரே வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் இன்னொன்று எடுக்கச் சொல்வது நல்லது. வலக்கோடி டயல் படத்தில் வெட்டுப்பட்டிருந்தால், படிப்பு தொடங்கும் இடமே இல்லாமல் போய்விடும். டயல்களுக்கு அருகே பத்தால் பெருக்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மீட்டர்களில் உண்டு.

எவ்வளவு நேராக எடுத்தாலும் முட்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் இருப்பதும் நடக்கும். நூறு 1-ல் நிற்கும்போது ஆயிரத்தின் முள் 7-க்கும் 8-க்கும் நடுப்பாதியில் நின்றால் அது பல்சக்கரத்தின் சாதாரணத் தளர்வு அல்ல; 7-ஐத் தாண்டிப் பத்தில் ஒரு பங்குதான் அது வந்திருக்க வேண்டும். அடுத்த மாதமும் அதே டயல் அதே அளவு தள்ளி நின்றால் முள் அச்சில் வழுக்கியிருக்கிறது. அது மின் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய பழுது.

நம் படத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தும் 27,985-ஐ நம்பாதவர் மறுநாள் இன்னொரு படம் எடுத்தால் போதும். 28 யூனிட் ஓடியிருந்தால் மீட்டர் 28,013-ல் நிற்கும்: ஆயிரத்தின் முள் அதே 8-ல் நிற்பதுபோலத்தான் தெரியும், ஆனால் நூறின் முள் 0-வைத் தாண்டியிருக்கும், பத்தின் முள் 1-ஐத் தாண்டியிருக்கும். நேற்று 28,085 என்று எழுதியவருக்கு மீட்டர் ஒரே இரவில் 72 யூனிட் பின்னால் ஓடியதாக ஆகிவிடும். கூரையில் சோலார் பலகை இருந்தால் சில மீட்டர்கள் நிஜமாகவே பின்னால் ஓடும். ஆனால் ராத்திரியில் ஓடாது.