போர்மட் அடிப்பதா, பொறுத்துப் பார்ப்பதா? ஒரு மடிகணினியோடு ஒன்பது நாட்கள்

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கணினி திருத்தும் கடையில் எனது மடிகணினியைக் கொண்டுபோய் வைத்தேன். ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை. செட்டிங்ஸைத் தொட்டால் தானாக மூடிக்கொண்டது. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை தானாகவே நின்று மீண்டும் இயங்கியது. கடையில் இருந்த தம்பி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "போர்மட் அடிச்சாச் சரி அக்கா, பின்னேரம் வந்து எடுங்க" என்றார்.

"டெஸ்க்டொப்பில இருக்கிறதெல்லாம்?"

"சி டிரைவில இருக்கிறது போகும் அக்கா."

சி டிரைவில் 41 ஒலிப்பதிவுகள் இருந்தன. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, ஆண்டுக்கணக்கில் முகாம்களில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பெண்களோடு நான் பேசியவை. அவர்களில் மூவர் இப்போது உயிரோடு இல்லை. மூலப் பத்திரம் தொலைந்து போட்டோக்கொப்பி மட்டும் மிஞ்சிய காணி ஆவணங்களின் ஸ்கேன் படங்களும் அதே இடத்தில்தான் இருந்தன. மடிகணினியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த ஒன்பது நாட்களும் அதனோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் நானும் போர்மட்தான் அடித்தேன். ஆகவே அந்தத் தம்பி சொன்ன மருந்து பிழையில்லை. நோயைப் பார்க்காமல் மருந்து சொன்னதுதான் பிழை. வின்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவதற்கு முன்னர் எவற்றை அறிந்திருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் திருத்தும் முயற்சியைக் கைவிட வேண்டும் என்பதை எனது மடிகணினியையும் வேறு சில சம்பவங்களையும் வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை திருத்துவது அல்ல, பிரதி எடுப்பது. வின்டோஸ் ஒழுங்காகத் திறக்காவிட்டாலும் இதைச் செய்யலாம். நண்பர் ஒருவரின் கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றினேன். மடிகணினியை அதிலிருந்து இயங்கச் செய்தேன். என்னுடையதில் ஆரம்பிக்கும்போது F12 விசையை அழுத்த வேண்டும், வேறு வகைகளில் விசை மாறும். அதை நிறுவத் தேவையில்லை, பென் டிரைவிலிருந்தே ஓடும். அங்கே வின்டோஸின் Users என்ற கோப்புறையைத் திறந்து, முழுவதையும் வெளியே ஒரு டிஸ்கில் பிரதி எடுத்தேன். புதிய மடிகணினிகள் சிலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் BitLocker recovery key எனப்படும் 48 இலக்கத் திறவுகோல் இல்லாமல் உள்ளே போக முடியாது. வின்டோஸ் திறக்கும் நிலையில் இருக்கும்போதே அதைத் தேடி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும்.

"பிறகு ரிக்கவரி பண்ணலாம்" என்று யாராவது சொன்னால் நம்பி இருக்க வேண்டாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் அழித்தவற்றில் ஒரு பகுதியையாவது சில வேளை மீட்கலாம். இப்போது வரும் எஸ்எஸ்டியில் போர்மட் அடித்த பிறகு மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம்.

இரண்டாவது, டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது. பலர் தவறவிடும் இடம் இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்கள் சங்க அலுவலகத்தில் ஒரே கணினிக்கு ஒரு வருடத்தில் மூன்று தடவை போர்மட் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு மெல்ல மெல்ல இறுகி நிற்கும். "வைரஸ்" என்று ஒவ்வொரு முறையும் காசு வாங்கப்பட்டது. நான் அதே லினக்ஸ் பென் டிரைவைச் செருகி, Disks என்ற செயலியில் SMART Data என்ற பகுதியைத் திறந்தேன். அங்கே இரண்டு வரிகள் போதும்: Reallocated Sector Count, Current Pending Sector. முதலாவது, டிஸ்க் பழுதென்று ஒதுக்கி மாற்றிக்கொண்ட இடங்களின் எண்ணிக்கை. இரண்டாவது, வாசிக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருக்கும் இடங்கள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். அந்தக் கணினியில் இரண்டாவது வரி நூற்றுக்கணக்கில் நின்றது.

டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. போர்மட் அடிக்கும்போதெல்லாம் வின்டோஸ் புதிதாக எழுதப்பட்டு, சில நாட்களுக்குப் பழுதான இடங்களில் கால் படாமல் தப்பியது. அதுதான் அந்த ஒரு மாத நிம்மதி. இப்படியான டிஸ்கில் மீண்டும் நிறுவுவது எஞ்சியிருக்கும் உயிரையும் எழுதி எழுதித் தீர்ப்பதாகும். உள்ளிருப்பதைப் பிரதி எடுத்து, டிஸ்கை மாற்றி, அதன் பிறகுதான் வின்டோஸ். அங்கே அப்படித்தான் செய்தோம்.

எனது மடிகணினியில் இரண்டு வரிகளும் பூச்சியம். ஆகவே கோளாறு வேறெங்கோ இருந்தது. மூன்றாவது கட்டமாக வின்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்தேன். Command Prompt என்பதை வலது சொடுக்கி Run as administrator கொடுத்துத் திறந்து, இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓட விட வேண்டும்:

```
DISM /Online /Cleanup-Image /RestoreHealth
sfc /scannow
```

முதலாவது, பழுதுபார்ப்பதற்கு வின்டோஸ் தன்னிடம் வைத்திருக்கும் நல்ல பிரதிகளைச் சீராக்குகிறது. அதற்கு இணையம் வேண்டும். இரண்டாவது, அந்தப் பிரதிகளைக் கொண்டு பழுதான கோப்புகளை மாற்றுகிறது. என்னுடையதில் பழுதான கோப்புகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. ஸ்டார்ட் மெனு திறந்தது. எனக்குப் பெரும் சந்தோஷம். இரண்டு நாட்களில் எல்லாம் பழையபடி.

இந்த இடத்தில்தான் பொதுவாக ஆத்திரம் வந்து போர்மட் அடிப்போம். அதற்கு முன்னர் ஒரு விடயத்தைப் பார்க்க வேண்டும். எந்தக் கோப்புகள் பழுதாகின?

```
findstr /c:"[SR]" %windir%\Logs\CBS\CBS.log
```

இந்தக் கட்டளை அவற்றின் பெயர்களைக் காட்டும். ஒரே கோப்பு திரும்பத் திரும்பக் கெட்டால் ஏதோ ஒரு மென்பொருள் அதைக் கெடுக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பு கெட்டால் கை வன்பொருளை நோக்கி நீள வேண்டும். என்னுடையதில் முதல் தடவை கெட்டவை ஒன்று, இரண்டாம் தடவை கெட்டவை வேறு. ரெமில் பிழையோ என்று MemTest86+ என்ற சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட விட்டேன். ஒரு பிழையும் இல்லை.

காரணம் கடைசியில் தற்செயலாகத்தான் பிடிபட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது, மடிகணினி அந்தக் கணமே அணைந்தது. அதன் பற்றரி செத்து நெடுநாள். நான் வயரோடு வைத்தே பாவித்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் மின்சாரம் வந்து வந்து போகும். வின்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் கழுத்தைப் பிடித்து நிறுத்தியது போலாகியிருக்கிறது. காரணம் தெரியாமல் அன்றைக்கே கடையில் போர்மட் அடித்திருந்தால், அடுத்த மழையோடு அதே கடைக்குத்தான் போயிருப்பேன்.

பற்றரியை மாற்றினேன். ஆனால் ஏற்கனவே ஏற்பட்ட சேதம் போகவில்லை. போர்மட்டுக்கு ஒரு படி முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. வின்டோஸ் நிறுவும் பென் டிரைவை, வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகி, அதிலுள்ள setup.exe கோப்பை இயக்கி, Keep personal files and apps என்பதைத் தெரிவு செய்தால், வின்டோஸ் தன்னைத்தானே மேலே எழுதிக்கொள்ளும். உங்கள் கோப்புகளும் மென்பொருட்களும் இருந்தபடி இருக்கும். கடைகளில் இதை அனேகமாகச் சொல்ல மாட்டார்கள், நேரம் எடுக்கும் வேலை. எனக்கு இரண்டு தடவை முயன்றும் பாதியில் நின்று பழைய நிலைக்கே திரும்பியது.

அப்போதுதான் நிறுத்தினேன். பிரதி கையில் இருந்தது, டிஸ்க்கும் ரெமும் நல்லவை, காரணம் தெரிந்து நீக்கப்பட்டுவிட்டது, திருத்தும் வழிகள் தோற்றுவிட்டன. இனி ஒவ்வொரு மாலையும் புதிதாக எதையும் சொல்லித்தரப்போவதில்லை. மீண்டும் நிறுவ ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. மென்பொருட்களையும் கோப்புகளையும் பழைய இடத்துக்குக் கொண்டுவரத்தான் ஒரு முழு நாள் போனது. ஒன்பது நாட்கள் அதிகம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதே சோதனைகளை மூன்று நாட்களில் முடித்திருக்கலாம்.

திரை நீலமாகித் திரும்பத் திரும்ப நின்றால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு 2024 ஜூலை 19 நல்ல பாடம். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு அப்டேட்டால், மைக்ரோசொப்டின் கணக்குப்படி உலகெங்கும் சுமார் 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் அப்படி விழுந்தன. விமானங்கள் நின்றன. திருத்தம் என்னவென்றால், சேஃப் மோடில் திறந்து C-00000291 என்று தொடங்கும் ஒரு கோப்பை அழிப்பது. கடைக்குப் போயிருந்தால் அத்தனைக்கும் போர்மட்தான் அடித்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2017 ஜூன் 27இல் நொட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள் புகுந்தது. அவர்கள் பத்து நாட்களில் 45,000 கணினிகளிலும் 4,000 சேர்வர்களிலும் எல்லாவற்றையும் புதிதாக நிறுவினார்கள். அங்கே படிப்படியாகத் திருத்துவதில் அர்த்தமில்லை. தங்கள் வலையமைப்பின் அடிப்படைத் தகவல்களின் ஒரு பிரதி மட்டும் அவர்களுக்கு மிஞ்சியிருந்தது. அது கானாவில், மின்தடையால் அந்நேரம் இணைப்பில் இல்லாமல் இருந்த ஒரு சேர்வரில்! மின்வெட்டால் நன்மை கண்டவர்கள் அவர்கள் மட்டும்தான் போலும்.

ஆகவே கணினிக்குள் வேற்று ஆள் நுழைந்தது உறுதியானால் சோதனைகளில் நாளைக் கடத்த வேண்டாம். கடவுச்சொல் திருடப்பட்டாலும், யாரோ தூரத்திலிருந்து இயக்கினாலும் இதுதான். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் "சுத்தம்" என்று சொன்ன பிறகும் உள்ளே எது மிஞ்சியிருக்கிறது என்று அறிய முடியாது. வேறொரு நல்ல கணினியில் தயாரித்த பென் டிரைவிலிருந்து, டிஸ்கை முழுதாக அழித்து நிறுவ வேண்டும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள், பழைய மென்பொருள் கோப்புகளை வேண்டாம். திருட்டு வின்டோஸைத் திறக்கும் "அக்டிவேட்டர்" பலருக்கு வாசலே அதுதான். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். ஒன்றே ஒன்று: உங்களைக் கண்காணித்தார்கள் என்று முறையிடும் எண்ணம் இருந்தால் அந்த டிஸ்கை அழிக்காமல் கழற்றி வைத்துவிட்டுப் புதிய டிஸ்கில் நிறுவுங்கள். போர்மட் சாட்சியத்தையும் சேர்த்தே அழிக்கும்.

இனி எனக்கு நெஞ்சு நின்றுபோன கதை. புதிய வின்டோஸில் பழைய நேர்காணல் எழுத்துப்படி ஒன்றைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் jkpo; என்று நின்றது. கோப்பு பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பழுதில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. போர்மட்டோடு அந்த எழுத்துரு போய்விட்டது. வேர்டில் எழுத்துருப் பெட்டியைப் பார்த்தால் Bamini என்ற பெயர் அப்படியே இருக்கும், அதுதான் அடையாளம். எழுத்துருவைத் திரும்ப நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது. இந்தக் குப்பையைப் பார்த்து ஆவணங்களை அழித்தவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். போர்மட்டுக்கு முன்னர் C:\Windows\Fonts கோப்புறையையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 41 பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஆரம்பத்தையும் நடுவையும் முடிவையும் கேட்டுப் பார்த்தேன். ஒன்று நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. வெளி டிஸ்கில் இருந்த பிரதியிலிருந்து அதை மறுபடி எடுத்தேன். அதில் முழுதாக இருந்தது.