முதலில் வடிப்பதா, குறைப்பதா?

மாணவர்களே, ஓர் ஒலியை அளந்து கிடைத்த எண்கள் 1, 2, 3, 4, 5, 6 என்க. ஒவ்வொன்றுடனும் இரண்டு இடம் முந்தைய எண்ணைக் கூட்டுவதே நம் வடிப்பான் (எண் இல்லாவிடில் சுழி). விடை 1, 2, 4, 6, 8, 10. ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினால் 1, 4, 8. பாதிக் கூட்டல் வீண்!

முதலிலேயே நீக்கினால் 1, 3, 5 மிஞ்சும். இரண்டிடத் தாமதம் ஓரிடமாகச் சுருங்கும். முந்தைய எண்ணைக் கூட்டுங்கள்: அதே 1, 4, 8. இதுவே நோபிள் முற்றொருமை.

வடிப்பானில் ஓரிடத் தாமதம் இருந்தால்? வரவேண்டியது 1, 5, 9. ஆனால் அதற்கு வேண்டிய 2, 4 முன்பே போய்விட்டனவே! தாமதங்கள் இரட்டைப்படையானால்தான் இடமாற்றம் செல்லும்.

எண்களுக்கிடையே சுழி செருகும்போது, வடிப்பதே முந்தும்: 1, 3, 5 வடிந்து 1, 4, 8 ஆகி, 1, 0, 4, 0, 8, 0 ஆகும். முதலில் செருகி, இரண்டிடம் முந்தையதைக் கூட்டினாலும் இதுவே வரும்.