இடுக்கி மேடைக்கு வந்த கதை

இம்முறை தமிழ்மொழித் தின விழாவுக்கு ஒரு சிறுகதையின் ஒரேயொரு காட்சியை நாடகமாக்கும்படி எங்கள் வகுப்புக்குச் சொல்லப்பட்டது. எழுத்துரு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கதையில் பேசுகிற வசனங்களைப் பிரித்தெடுத்து, பெயர்களை இடப்பக்கம் போட்டு, மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் எழுதினால் நாடகம் ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் முதலாவது பிரதியை எழுதினேன். ஒத்திகையின் முதல் நாளே அது படுத்துவிட்டது.

நாங்கள் எடுத்த கதை பிரேம்சந்த் 1933ஆம் ஆண்டு எழுதிய ‘ஈத்கா’. ஹாமித் என்ற நாலைந்து வயதுச் சிறுவனுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. வாப்பும்மா ஆமினாதான் வளர்க்கிறாள். பெருநாள் அன்று அவன் கையில் இருப்பது மூன்று பைசா மட்டும். கூட்டாளிகள் பொம்மைகளும் இனிப்புகளும் வாங்க, இவன் எதுவும் தின்னாமல், பேரம் பேசி, அந்த மூன்று பைசாவுக்கும் ஓர் இடுக்கி வாங்கி வருகிறான். ரொட்டி சுடும்போது வாப்பும்மாவின் விரல் சுடுகிறதே என்பதுதான் காரணம். அவள் முதலில் ஏசுகிறாள், பிறகு அழுகிறாள்.

எந்தக் காட்சியை எடுப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை. பலருக்குச் சந்தைக் காட்சிதான் ஆசை. ஆனால் சந்தைக்குக் கடைகள் வேண்டும், கூட்டம் வேண்டும், ராட்டினம் வேண்டும். அதைவிட முக்கியமான குறை, அங்கே ஹாமித்தின் மனதுக்குள்தான் எல்லாம் நடக்கிறது. கடைசிக் காட்சிக்கு இரண்டு பேர், ஓர் அடுப்பு, ஓர் இடுக்கி போதும். காட்சி தொடங்கும்போது இருந்த ஆமினாவும் முடியும்போது இருக்கும் ஆமினாவும் ஒருத்தி அல்ல. அந்த மாற்றம் நம் கண் முன்னால் நடக்கிறது. நாடகத்துக்கு எடுக்க வேண்டியது அப்படிப்பட்ட இடத்தைத்தான்.

என் முதலாவது பிரதியில் இப்படி ஒரு மேடைக் குறிப்பு இருந்தது: ‘ஆமினாவின் கோபம் நொடியில் பாசமாக மாறுகிறது.’ ஆமினாவாக நடித்த தோழி எழுத்துருவைக் கையில் வைத்துக்கொண்டு, “சரி, நான் இப்ப என்ன செய்யோணும்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் முகத்தைச் சுருக்கினாள், பிறகு சிரித்தாள், பிறகு கையால் முகத்தை மூடினாள். பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சிமார் சிரித்துவிட்டார்கள்.

கதையில் கதைசொல்லி ஒருவர் இருக்கிறார். ஆமினாவின் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து நமக்குச் சொல்கிறார். மேடையில் அவர் இல்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் கண்ணால் பார்க்கிற செயலாகவோ காதால் கேட்கிற சத்தமாகவோ மாற வேண்டும். இல்லாவிட்டால் வெட்டப்பட வேண்டும். இதற்கு நான் கண்டுபிடித்த குறுக்குவழி, பின்னால் நின்று ஒருத்தி கதைசொல்லியின் பகுதிகளை வாசிப்பது. டீச்சர் மறுத்துவிட்டார். “அவள் வாசித்துச் சொன்ன பிறகு ஆமினா எதற்கு அழ வேண்டும்?” என்றார்.

ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் தன் கதையையே நாடகமாக்கியிருக்கிறார். 1886இல் எழுதிய ‘கால்காஸ்’ என்ற கதை அடுத்த ஆண்டு ‘அன்னப் பாட்டு’ என்ற ஓரங்க நாடகம் ஆனது. இரவில் வெறுமையான அரங்கில் தனித்துப்போன ஒரு வயதான நடிகரைப் பற்றியது. அவர் எப்படிப்பட்ட நடிகர் என்பதை நாடகம் வாயால் சொல்லி மட்டும் விட்டுவிடுவதில்லை. அவரே லியர் மன்னனாகவும் ஹாம்லெட்டாகவும் நடித்துக் காட்டுகிறார். எங்களுக்கு வேண்டியிருந்ததும் இதுதான். ஆமினாவின் விரல் சுடுவதை யாரும் சொல்லக் கூடாது, அது சுட வேண்டும்.

கதையில் அந்தச் சுட்ட விரல் முன்பே, சந்தையில் ஹாமித்தின் நினைவில் வந்துவிடுகிறது. நாங்கள் சந்தையை எடுக்கவில்லை. ஆகவே பார்வையாளருக்கு அது தெரியாது. இதற்காக ஹாமித் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே காட்சியைத் தொடங்கினேன். ஆமினா தனியாக ரொட்டி சுடுகிறாள். இது கதையில் இல்லாதது, நான் சேர்த்தது. முதலில் அவள் வாயில் “விரல் சுடுதே, ஓர் இடுக்கி கூட இல்லையே” என்று ஒரு வசனமும் வைத்திருந்தேன். ஒத்திகையில்தான் அதன் கேடு தெரிந்தது. ‘இடுக்கி’ என்ற சொல் அப்போதே காதில் விழுந்துவிட்டால், ஹாமித் முதுகுக்குப் பின்னால் எதை ஒளித்துக்கொண்டு வருகிறான் என்று கேட்கும் ஆவல் யாருக்கும் இருக்காது. வசனத்தை வெட்டிச் செயலை மட்டும் வைத்தேன்.

அந்தச் செயலும் என்னுடையது அல்ல. பெரியமடுவில் எங்கள் வீட்டு விறகடுப்பில் என் வாப்பும்மா ரொட்டி புரட்டுவதை ஒரு பின்னேரம் குந்தியிருந்து பார்த்தேன். சுட்டதும் அவர் ‘ஆ’ என்று கத்தவில்லை. விரலைக் காதுமடலில் வைத்தார், அடுத்த ரொட்டியை எடுத்தார். நாள்தோறும் சுடுகிறவருக்கு அது செய்தியே இல்லை. எங்கள் ஆமினாவும் அப்படியே செய்தபோது தங்கச்சிமார் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

இரண்டாவது சிக்கல் ஹாமித்தின் விளக்கம். வாங்கியதன் காரணத்தை அவன் வாயால் சொல்லத்தான் வேண்டும். அது நீளமாக இருந்தபோது பிள்ளை பிரசங்கம் செய்வதுபோல் இருந்தது. ஆமினாவின் விரலை மூன்றாவது தடவை, அவன் கண் முன்னால் சுட வைத்ததும் வசனம் இரண்டே சொல்லாகச் சுருங்கிவிட்டது. மூன்றாவது பிரதி இதோ. வலம், இடம் என்பன பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் வலமும் இடமும் ஆகும்.

காட்சி: ஆமினாவின் குடிசை. பெருநாள் பகல்.

(மேடை நடுவில் மூன்று கல் அடுப்பு, மேலே ரொட்டிக் கல். வலப்பக்கம் மாப் பாத்திரமும் தண்ணீர்க் குவளையும். இடப்பக்கம் பின்னால் வாசல். ஆமினா அடுப்புக்குப் பின்னால் பார்வையாளரை நோக்கிக் குந்தியிருக்கிறாள். ரொட்டியைக் கல்லில் போட்டு விரல் நுனியால் புரட்டுகிறாள். கையை இழுத்துக் காதுமடலைப் பிடிக்கிறாள். வாசலைப் பார்க்கிறாள். இரண்டாவது ரொட்டி. மீண்டும் சுடுகிறது. விரல்களைத் தண்ணீரில் தோய்க்கிறாள். வெளியே சிறுவர்களின் சத்தம். ஹாமித் ஓடி வருகிறான். வலது கை முதுகுக்குப் பின்னால்.)

ஆமினா: வந்துட்டியா மகன்! என்ன வாங்கிச் சாப்பிட்ட?

ஹாமித்: ஒண்டும் சாப்பிடல்ல.

ஆமினா: காச எங்க? தொலைச்சிட்டியா?

(ஹாமித் இல்லையெனத் தலையாட்டுகிறான். இடுக்கியை முன்னால் நீட்டுகிறான். ஆமினா பார்க்கிறாள், வாங்கவில்லை.)

ஆமினா: இது ஆருட?

ஹாமித்: நம்மட.

ஆமினா: மூணு பைசாவையும் இந்த இரும்புக்கா குடுத்த? பெருநாளும் அதுவுமா, பசியோட, வெயில்ல நடந்து... உன்ட வயித்த நீ கொஞ்சமாவது நெனச்சியா?

(இடுக்கியைப் பறித்து நிலத்தில் போடுகிறாள். இரும்புச் சத்தம். அடுப்பின் பக்கம் திரும்பிக் குந்துகிறாள். ரொட்டியைப் பார்க்காமலே விரலால் புரட்டுகிறாள். சுடுகிறது. கை காதுமடலுக்குப் போகிறது. பாதி வழியில் ஹாமித் அந்தக் கையைப் பிடிக்கிறான்.)

ஹாமித்: இதுக்குத்தான் வாப்பும்மா.

(ஆமினா தன் விரல்களைப் பார்க்கிறாள். மூன்று எண்ணும் நேரம் அசைவில்லை. மற்றக் கையால் இடுக்கியை எடுக்கிறாள். அதனால் ரொட்டியைப் புரட்டுகிறாள். இன்னொரு தடவை புரட்டுகிறாள். இடுக்கியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் அமர்கிறாள். தோள் குலுங்குகிறது. ஹாமித் நின்றபடியே அவளது முக்காட்டு நுனியால் அவள் கண்ணைத் துடைக்கிறான். ஆமினா இரண்டு கைகளையும் ஏந்துகிறாள். ஹாமித் அவளையும் இடுக்கியையும் மாறி மாறிப் பார்க்கிறான். உறைநிலை.)

கதையின் முடிவில் பேரன் பெரியவனாகவும் வாப்பும்மா குழந்தையாகவும் ஆகிவிட்டதைக் கதைசொல்லி எடுத்துச் சொல்கிறார். எங்களுக்கு அது கடைசிக் குறிப்பில் இருக்கும் உயர வித்தியாசம்தான். அவள் கீழே, அவன் மேலே. வழக்கமாகக் கண் துடைத்துவிடுகிறவள் அவள், இப்போது துடைப்பது அவன். ‘அழுகிறாள்’ என்று எழுதாமல் ‘தோள் குலுங்குகிறது’ என்று எழுதியதற்கும் ஒரு காரணம் உண்டு. மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கண்ணீர் தெரியாது, தோள் தெரியும்.

இடுக்கியும் அப்படித்தான் காலை வாரியது. வீட்டிலிருந்து கொண்டுபோன சின்ன இடுக்கி கடைசி வரிசைக்குக் கரண்டிபோலத் தெரிந்ததாம். பிறகு ஒரு தேநீர்க் கடையில் முழங்கை நீளத்துக்கு ஒன்றை இரவல் வாங்கினோம். நிலத்தில் விழும்போது அது எழுப்பிய சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ‘இரும்புச் சத்தம்’ என்ற இரண்டு சொற்களைக் குறிப்பில் சேர்த்தேன். அடுப்பில் உண்மையான நெருப்பு வைக்கவில்லை. சிவப்புக் கண்ணாடித்தாளும் ஒரு டோர்ச்சும்தான். கல் குளிர்ந்தது என்பதால் சூட்டை நடிகைதான் உண்டாக்க வேண்டும். தொட்ட உடனே இழுத்தால் பொய்யாகத் தெரிகிறது. தொட்டு, புரட்டி, அதன் பிறகு இழுத்தால்தான் நம்புகிறார்கள்.

பைசாவைச் சதமாக மாற்றலாமா என்றும் யோசித்தோம். பேச்சை எங்கள் பேச்சாக்கியாயிற்று, காசை ஏன் மாற்றக் கூடாது என்பது சிலருடைய வாதம். நான் விட்டுவிட்டேன். மூன்று பைசா சிறிய தொகை என்பது அவள் ஏசுகிற விதத்திலேயே விளங்கிவிடுகிறது.

டீச்சர் எழுத்துருவைச் சோதித்த விதத்தை நீங்களும் செய்து பார்க்கலாம். வசனங்களை ஒரு தாளால் மறைத்துவிட்டு மேடைக் குறிப்புகளை மட்டும் வாசித்தார். விரல் சுடுகிற, இடுக்கி வருகிற கதை அப்போதும் விளங்கியது. பிறகு குறிப்புகளை மறைத்து வசனங்களை மட்டும் வாசித்தார். “இதுக்குத்தான்” என்றால் எதற்கு என்று விளங்கவில்லை. “நல்லது, அப்ப இது வானொலிக்கு உதவாது” என்றார். வானொலி நாடகமாக இருந்திருந்தால் நான் வெட்டிய அந்த நீள வசனத்தைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டியிருந்திருக்கும்.

முடிவு மட்டும் இன்னும் எனக்குத் திருப்தி இல்லை. ‘விளக்கு அணைகிறது’ என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். எங்கள் நிகழ்ச்சி பகல் பதினொரு மணிக்கு, யன்னல்கள் எல்லாம் திறந்த மண்டபத்தில். அணைக்க விளக்கே இல்லை. ஆகவே உறைநிலை என்று மாற்றினேன். விழாவன்று ஹாமித்தாக நடித்த ஆறாம் வகுப்புத் தங்கச்சி ஐந்து எண்ணும்வரை அசையாமல்தான் நின்றாள். ஆறாவதில் இடுக்கி ஆமினாவின் மடியிலிருந்து வழுக்கி விழுந்தது. அவள் அதைக் குனிந்து எடுத்து மறுபடி வாப்பும்மாவின் கையில் வைத்தாள். எழுத்துருவில் இல்லாத அந்த அசைவை நாலாவது பிரதியில் சேர்த்திருக்கிறேன்.