புகை நடுவே ஒரு கடிதம்

1918 அக்டோபர் 31 மாலை. வட பிரான்சில் ஓர்ஸ் கிராமத்தருகே, வனக்காவலர் வீட்டு நிலவறையே அன்று வீரர்களின் பதுங்குகுழி. அங்கிருந்து 25 வயது கவிஞர் வில்ஃபிரட் ஓவன் தாய் சூசனுக்கு எழுதினார்.

ஓரடி தள்ளியிருக்கும் மெழுகுவத்தியின் ஒளியில்கூடச் சரியாகக் கண் தெரியாத புகை. ஒரு முதிய வீரர் உருளைக்கிழங்கை உரித்துப் பானையில் போட, நீர் ஓவனின் கையில் தெறிக்கிறது. அதிகாரி குறட்டை விடுகிறார்.

குண்டோசையை அவர் மறைக்கவில்லை. அதைத் தன்னைவிட அம்மாதான் அதிகம் எண்ணுவாள் என்கிறார். இங்கே ஆபத்தில்லை, இருந்தாலும் கடிதம் கிடைக்குமுன் கடந்துவிடும் என்றும் எழுதுகிறார். அச்சம் ஒளிந்திருப்பது அந்த 'இருந்தாலும்' என்பதில்தான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 4 காலை, சாம்பர்–உவாஸ் கால்வாயைக் கடக்கும் தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார். போர்நிறுத்த நாளான 11ஆம் தேதி தாய்க்குத் தந்தி வந்தது.